உங்கள் எண் யாருக்கும் தெரியாது

எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒட்டிய முதல் அறிவிப்பை எழுதியவன் நான். பதினைந்து சொற்கள். நூல் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து நூல் சுற்றிய கோன்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, எழுதியதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

"எங்கள் வாட்ஸ்அப் சேனலில் சேருங்கள். மாவு ஆட்டி முடிந்ததும் உங்கள் போனுக்குத் தகவல் வரும். வெறும் பாத்திரத்தோடு திரும்ப வேண்டாம்."

கடைக்காரர் முதலில் கொண்டுவந்த வாசகத்தில் மாவு என்ற சொல்லே இல்லை. மகிழ்ச்சி இரண்டு முறை வந்தது, குடும்பம் மூன்று முறை, ஆச்சரியக்குறி ஒன்பது. சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு வரி கிடையாது. நான் கிழித்துப்போட்டுவிட்டு என்னுடையதை எழுதினேன். மண்ணரைப் பக்கம் அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிப் பெண்கள். எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து, தூக்குப்போசியோடு வந்து நின்றால் மாவு தீர்ந்திருக்கும். சில நாள் கரண்ட் போய், கிரைண்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான்.

அறிவிப்புக்குக் கீழே ஸ்கேன் செய்யும் கட்டத்தைக் கடைக்காரரே அச்சடித்து ஒட்டினார். அது சேனலா என்று நான் கேட்கவில்லை. சேனல் என்று சொன்னார், சேனல் என்று எழுதினேன். ஒன்பது நாளில் நூற்றறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள்.

அது சேனல் இல்லை. குரூப். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதவும் செய்தார்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் பதினான்கு காலை வணக்கங்கள். ரோஜாப்பூ, சூரியன், முருகன், மறுபடி ரோஜாப்பூ. ஒருவர் பல்லடத்தில் இடம் விற்றார். இத்தனைக்கும் நடுவில் மாவு தயார் என்ற செய்தியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது, சாக்கடையில் விழுந்த சாவியைத் தேடுவதுபோல. எரிச்சலாக இருந்தது. ஆனால் அது வெறும் எரிச்சல். அதற்கு மேல் ஒன்று இருப்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற நூற்றறுபத்திரண்டு பேருக்கும் தெரியும்.

தேனிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் ஒரு பெண், வாரம் நான்கு நாள் மாவு வாங்குகிறவள், திடீரென்று வருவதை நிறுத்தினாள். பதினோரு நாள் கழித்து, மெயின் ரோட்டைத் தாண்டி இருக்கும் வேறு கடையில் அவளைப் பார்த்தேன். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவள் போனை நீட்டினாள்.

சாப்பிட்டாச்சா. தூங்கலையா. பாப்பா உங்க மாதிரியே அழகு. புரொபைல் படத்தில் அவளோடு இருந்த மகளைத்தான், குரூப்பில் எண்ணை எடுத்த ஒருவன் சொல்லியிருக்கிறான். இருபத்தாறு செய்திகள், ஒன்றுக்கும் அவள் பதில் போடவில்லை. பிளாக் செய்தபின் வேறு எண்ணிலிருந்து ஏழு. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்து அடித்து, லைனில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

செய்திகளுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்தது. கடையில் தினமும் என் பக்கத்தில் நிற்கிறவன். என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு. பேரன் எடுத்தவன். திருநீறு பூசி, எவர்சில்வர் டப்பாவோடு வந்து, நாட்டில் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று என்னிடம் பேசுவான். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

"சேனல்ன்னு நீங்க எழுதுனதாமே ஐயா," என்றாள் அவள். "அத நம்பித்தான் சேந்தேன்."

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பருப்பு அளந்துகொண்டே, அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடலாம் என்றார். எழுதுவது நிற்கும், எண் மறையாது என்றேன். அப்படியானால் அவர்கள் இரண்டு பேருக்குள் உள்ள விஷயத்துக்குத் தான் என்ன செய்வது என்று கேட்டார். இரண்டு பேருக்குள்! அந்த ஆள் மாதம் முழுச் சாமானும் அங்கேதான் வாங்குகிறான் என்பதையும் சொன்னார். கடைக்காரரின் கையிலிருந்து தீப்பெட்டி வாங்கக்கூட அன்று எனக்கு மனம் வரவில்லை.

கிரைண்டர் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிதான் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "குரூப்பக் கலைச்சுப்போட்டு நெசமான சேனலா வைங்க. என்ற நம்பரும் அதுலதான இருக்குது," என்றார்.

அன்றே கலைத்தார்கள். சேனல் தொடங்கியதும் என் போனிலும் என் மனைவியின் போனிலும் சேர்ந்து சோதித்தேன். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் காட்டியது. யார் என்று காட்டவில்லை. எங்களால் அதில் எதுவும் எழுத முடியவில்லை, பொம்மை முகம் ஒன்றைத் தட்ட மட்டும் முடிந்தது. முதல் நாள் மாவுச் செய்தி வந்தது தெரியவே இல்லை. மேலே உள்ள மணி அடையாளத்தைத் தட்டிவைத்தால்தான் சத்தம் வரும் என்பதை அடுத்த நாள் கண்டுபிடித்தேன். இந்த முறை பார்த்ததை மட்டும் எழுதினேன், இருபத்தொரு சொற்கள்:

"உங்கள் எண் மற்ற வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. கடையின் வாட்ஸ்அப் சேனலில் சேருங்கள். மாலை மாவு ஆட்டி முடிந்ததும் தகவல் வரும். மணியைத் தட்டி வைத்தால் சத்தமும் வரும்."

மாவு வரியை முதலில் போடச் சொன்னார் கடைக்காரர். எண் கிண் என்று எழுதினால் ஏதோ நடந்தது ஊருக்கே தெரிந்துவிடுமாம். நடந்ததுதானே என்றேன். மாற்றவில்லை.

நான் போய்ச் சொன்னதால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். கடையில் ஐந்து பேர் நின்றோம். ஐந்தாவது ஆள் அவன், டப்பாவோடு. அவள் அறிவிப்பை நிதானமாகப் படித்தாள். ஸ்கேன் செய்யவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள் கடைக்காரரைப் பார்த்து. "மாவு எப்ப ரெடியாகும்னு போடுறீங்க. இந்தாளு எப்ப கடையில நிப்பாருன்னும் போட்டீங்கன்னா எங்களுக்கு ரொம்ப உபகாரமா இருக்கும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். தெரியாமல் கைபட்டுப் போய்விட்டது என்று ஏதோ சொன்னான். முப்பத்துமூன்று முறை கைபட்டிருக்கிறது. கடைக்காரர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உடனே வாய் திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். அவன் ஒன்றுமே நடக்காததுபோல டப்பாவைக் கடைமேடைக் கல்லின் மேல் வைத்து, ஒரு கிலோ மாவு என்றான்.

கடைக்காரரின் மனைவி டப்பாவை மூடி அவன் பக்கமே தள்ளினார். அண்டாவில் மாவு விளிம்புவரை இருந்தது, எல்லோரும் பார்த்தோம்.

"மாவு இல்லீங்க."

"அதா இருக்குதே?"

"உங்களுக்கு இல்லீங்க. அரிசி, பருப்பும் இல்லீங்க. வேற கடை பாத்துக்கங்க."

கடைக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும், அவன் கொடுத்திருந்த மாதச் சாமான் சீட்டை எடுத்து அவனிடமே நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்வேன் என்று. சொன்னேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அந்தப் பெண் தூக்குப்போசியில் மாவு வாங்கிக்கொண்டாள். சேனலில் அன்று சேரவில்லை. செவ்வாய்க்கிழமை, கூட வேலை செய்யும் நான்கு பேரோடு வந்து ஐந்து போனிலும் சேர்ந்தாள். மணியையும் தட்டிவைத்தார்கள். புரொபைல் படத்தில் மகள் இல்லை. ஒரு தையல் மெஷின் இருந்தது.

அவன் இப்போது மெயின் ரோட்டைத் தாண்டிய கடையில் வாங்குகிறான். போன வாரம் அந்தக் கடை வாசலிலும் ஓர் அறிவிப்பு தொங்கியது, சேருங்கள் மகிழுங்கள் என்று. உள்ளே போய் அது குரூப்பா சேனலா என்று கேட்டேன். எல்லாம் ஒன்றுதானுங்களே என்றார் அந்தக் கடைக்காரர்.