தையல்காரரிடம் விட்டுப்போன பூண்டுத் தொட்டி

மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி இன்று திரும்புகிறாள். தையல்காரர் தையலை விட்டுவிட்டு வாசலுக்கும் பூண்டுத் தொட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தார். குளிர் தொடங்கியபோது, பூண்டுப் பற்களைக் கூர்முனை மேலாக இரண்டு அங்குல ஆழத்தில் அவள் ஊன்றிய தொட்டி. “இதையாவது ஒழுங்கா பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊன்றிய ஐந்தாம் மாதம் அடியிலைகள் காய்ந்தன. பயந்துபோய் இருவேளையும் தண்ணீர் ஊற்றினார்.

வந்தவள் பையை இறக்காமல் தொட்டியைப் பார்த்தாள்.

“கொன்னுட்டேன்மா,” என்றார் கண்கலங்க.

அவள் விரலால் மண்ணை விலக்கினாள். பருத்த பூண்டில் பற்கள் புடைத்திருந்தன.

“கீழ் இலை காஞ்சு மேல் இலை பச்சையா இருந்தா முத்திடுச்சுன்னு அர்த்தம். தண்ணிய நிறுத்தணும். இன்னும் ஒரு வாரம் நீங்க ஊத்தியிருந்தா அழுகியிருக்கும்.”

அவருக்கு மூச்சு வந்தது. “பேத்தி யார் ஜாடை?”

“இப்பவாவது கேட்டீங்களே,” என்றபடி தோண்டத் தொடங்கினாள்.