பில்டர் பழுது என்று வந்த போன்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒரு டிப்ளோமா, ஒரு டிரில் மெஷின், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், இவ்வளவுதான் என் கம்பனி. கொழும்பில் கொட்டாஞ்சேனை தொடங்கி வெள்ளவத்தை வரை தண்ணீர் பில்டர் சேர்விஸ் செய்வேன், சிசிடிவி கமராவும் பூட்டுவேன். பையில் வயரைக் கண்டு குண்டோ என்று சந்தேகித்தால் சோதனைச் சாவடியில் நான் படும் பாடு சொல்லி மாளாது. அதனால் எந்த வேலைக்குப் போனாலும் ஒரு பில்டர் குழாயை மேலே வைத்துக்கொண்டு, "வத்துர ஃபில்டர், அய்யே" என்று சிங்களத்தில் சொல்வேன், தண்ணீர் பில்டர்தான் அண்ணே என்று.

ஒரு மத்தியானம் வெள்ளவத்தை லொட்ஜ் முதலாளி போன் எடுத்தார்.

"தம்பி, பில்டர் பழுது. கெதியா வாரும்."

போன கிழமைதான் அதற்குப் புதுக் கார்பன் போட்டிருந்தேன். எரிச்சலோடு போய்த் திறந்தால் தண்ணீர் நல்லாகத்தான் வந்தது.

"இதில ஒண்டுமில்லையே, ஐயா?"

"போனில வேற என்னத்தைச் சொல்ல? அதைக் கழட்டிப் பரப்பி வைச்சிட்டு உள்ள வாரும். பாக்கிற ஆக்கள் பில்டர் வேலை எண்டு நினைக்கட்டும்."

உள்ளே, நான் பூட்டிய கமராவின் ரெக்கோடர் இருந்தது. விசாவுக்காகத் தாயோடு வந்து தங்கியிருந்த யாழ்ப்பாணப் பெடியன் ஒருவன் முந்தநாள் கடைக்குப் போனவன், திரும்பவில்லையாம். தாய் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பதிவை எடுக்க நாளைக்கு வருகிறார்களாம். அதற்கு முன் அழிக்க வேண்டும் என்றார் முதலாளி.

"பதிவைக் குடுத்தா அவனைத் தேடுவாங்கள்தானே?"

"தேடுவாங்கள். ஆரைத் தேடுவாங்கள் எண்டுதான் தெரியேல்ல."

அந்த நாட்களில் ஆட்களை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தேடுகிறவன் யார், கொண்டுபோனவன் யார் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அழித்தால் அந்தத் தாய்க்குத் துரோகமா, கொடுத்தால் துரோகமா?

அந்த நேரம் பார்த்து அந்தத் தாயே வாசலில் நின்றார். தண்ணீர் பிடிக்க வந்தவர், கையில் வெறும் போத்தல்.

"அதில என்ர பிள்ளை இருக்கிறானோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் பதிவை ஓட விட்டேன். பெடியன் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு நடக்கிறான். பக்கத்தில் இன்னொருவன் அவன் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். இருவரும் கேட்டைத் தாண்டுகிறார்கள். கமரா அதுவரைதான் பிடித்திருந்தது.

"பக்கத்தில போறது மேல் அறைப் பெடியன்," என்றார் தாய். "சந்தியில பிரிஞ்சு திரும்பி வந்திட்டான். இதைப் பாத்தா அவனையும் கொண்டு போவாங்கள், என்ன?"

முதலாளி தலையாட்டினார்.

"அழிச்சா திரும்ப எடுக்கலாமோ, தம்பி?"

"என்னால ஏலாது, அம்மா."

"அப்ப இன்னொருக்காப் போடுங்கோ. பிறகு அழியுங்கோ. அவனும் ஒருத்தியின்ர பிள்ளைதானே."

மறுபடி போட்டேன். பெடியன் கேட்டடிக்கு வந்ததும் என் கை தானாகப் படத்தை நிறுத்திவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. திரையில் நின்ற மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிப்பாட்டாதேங்கோ, தம்பி," என்றார். "போகட்டும்."