சயாமைத் தொடாதே

அண்ணன் ஒரு நாட்டை அடிக்கும் முன் என்னைத்தான் கேட்பான். அந்த நாடே என்னுடையதாக இருந்தாலும் என்னைத்தான் கேட்பான். "மூணு டைஸ், எதிர்ல ரெண்டு. போடலாமா?" என் கழுத்தை அறுக்க என்னிடமே கத்தி கேட்கிற ஆள். நானும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். கணக்கில் பொய் சொல்ல எனக்கு வராது.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்றால் உலகப்படம் போட்ட அந்த அட்டையைக் கட்டிலில் விரித்துவிடுவோம். அண்ணன், அண்ணி, தங்கை நான், மூன்று பேர். ஆட்டம் பெரிய வித்தை இல்லை. உன் நாட்டில் நிற்கிற படையில் ஒன்றை வீட்டுக்காவலுக்கு விட்டுவிட்டு மீதி எத்தனையோ அத்தனை பகடை உருட்டலாம், மூன்றுக்கு மேல் கிடையாது. அடிபடுகிறவர் ஒன்றோ இரண்டோ உருட்டலாம். இரண்டு உருட்ட இரண்டு படையாவது இருக்க வேண்டும். பெரியதைப் பெரியதோடு, அடுத்ததை அடுத்ததோடு ஒப்பிட வேண்டும், சிறியது விழுந்தவர் ஒரு படையை எடுத்துவிட வேண்டும். சமமாக விழுந்தால் அடிபடுகிறவர் பக்கம்தான் தீர்ப்பு. அதனால் ஒன்றுக்கு ஒன்று என்றால் அடிக்கிறவனுக்கு முப்பத்தாறில் பதினைந்துதான். மூன்றுக்கு இரண்டு என்றால் அடிக்கிறவன் கை கொஞ்சம் ஓங்கி நிற்கும். படை நிறைய இருந்தால் அந்தக் கொஞ்சமே போதும், எதிரியைத் தின்றுவிடும்.

அப்பா பிளான்ட் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருக்குப் பதில் வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அண்ணனும் நானும் டிப்ளமோ. என் மார்க் கூடுதல். அம்மா அண்ணன் பேரைச் சொன்னாள். அதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன், வலிக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். அவன் வேலைக்குக் கையெழுத்துப் போடப் போவதற்கு முந்தின ஞாயிறு ஆட்டத்தில் என்னை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. என் பக்கத்து நாட்டில் படையைக் குவித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. "இந்த வூடு உனக்கு எப்பவும் இருக்கு" என்றான். அவன் பர்மனென்ட் ஆனான், நான் காண்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி. அம்மாவும் போன பிறகு அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அவன் கல்யாணத்துக்கு அப்புறமும் அங்கேயே இருந்தேன்.

நான் சொல்ல வந்த ஞாயிறு அண்ணிக்கு ஐந்தாம் மாதம். ஆப்பிரிக்காவில் ஆரம்பித்து அரைமணியில் அவள் ஆட்டத்தை விட்டே போயிருந்தாள். "ரெண்டு பேரும் சேந்து அடிச்சீங்கன்னா நான் எங்க போறது?" என்று முறைத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டாள். என்னிடம் இந்தோனேசியாவையும் சேர்த்து ஆஸ்திரேலியாக் கண்டம் முழுசும், அதற்கு வாசல் மாதிரி சயாமும். அட்டையில் தாய்லாந்துக்கு அந்தப் பழைய பேர்தான். சயாமில் இரண்டே படை, பின்னால் எல்லா இடத்திலும் ஒவ்வொன்று. அண்ணனுக்கு இந்தியாவில் பதினொன்று. அவன் முறை.

நான் பதில் தயாராக வைத்திருந்தேன். போடலாம் அண்ணா, கண்ணை மூடிக்கினு போடலாம். அவன் கேட்கவே இல்லை. மிச்சப் படையை அடுக்கினான், அடுக்கினதையே மறுபடி அடுக்கினான். அப்புறம், "நான் அடிக்கல. உன் டர்ன்" என்றான்.

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். "பதினொண்ணு வெச்சிக்கினு ரெண்டுக்குப் பயப்படறீங்களா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நேரம் ஆகவில்லை. இந்த ஆளை எனக்குத் தெரியும். கெட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேல் பகடை உருட்ட இவனால் முடியாது.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா அண்ணா?"

"ஒண்ணுமில்ல."

எங்கள் வீட்டில் ஷிப்டுக்குப் போகிறவன் ஆட்டத்தைக் கலைக்கமாட்டான். பிளான்டில் அடுத்த ஷிப்ட் ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்துச் சார்ஜ் கொடுக்கிற மாதிரி இங்கேயும் கொடுத்துவிட்டுப் போவான். ஆட்டத்தில் தோற்று வெளியேறின ஆளோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யார் இருந்தாலும் அவன் படை அவர்கள் கையில். சார்ஜ் எடுத்தவர் போனவன் சொன்னபடிதான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பஞ்சாயத்து. அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து அண்ணியிடம், "என் ஆட்டம் உன்னுது. எங்க வேணா அடி, சயாமை மட்டும் தொடாதே" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. செகண்ட் ஷிப்ட் பஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் ஸ்டாப்பில் நின்றான். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை அடித்துத் தோற்கடி, ஆகட்டும். பாவம் பார்த்து ஓரமாக உட்கார்த்தி வைக்க நான் என்ன கைக்குழந்தையா?

என் முறைக்கு ஐந்து புதுப் படை வந்தது. சயாமில் ஒன்றுகூட வைக்காமல் ஐந்தையும் பின்னால் இந்தோனேசியாவில் கொட்டினேன். "சயாம்லேர்ந்து இந்தியா" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டுதானே இருக்கு. ஒரு டைஸ்தான் போட முடியும்."

"ஒண்ணுதான் போடறேன்."

ஒன்றை வைத்து இரண்டை எதிர்த்தால் நாலில் ஒரு தடவை ஜெயித்தால் பெரிது. அண்ணிக்கும் அது தெரியும், அவளும் என்னிடம் கற்றவள்தானே. அண்ணன் படைக்காக அவள் இரண்டு பகடை உருட்டலாம். எடுத்தாள், உள்ளங்கையில் பார்த்தாள், ஒன்றைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணே போடறேன்."

கைவசம் பதினொன்று இருக்கும்போது ஒன்றை மட்டும் உருட்ட எந்தக் காரணமும் கிடையாது. நஷ்டமானால் எப்படியும் ஒரு படைதான், அதைக் காப்பாற்றத்தான் இரண்டாவது பகடை. அதை வேண்டாம் என்று வைப்பவள் என்னை ஜெயிக்கவைக்கப் பார்க்கிறாள். அண்ணன் பாவம் பார்த்தான், இப்போது இவளும்.

"ரெண்டும் போடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"போடுங்க. என்ன விஷயம்னு சொல்லிட்டுப் போடுங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "எங்க அம்மாவும் அப்பாவும் பிரசவத்துக்கு முன்னாடியே இங்க வந்துடறாங்க. அப்புறமும் இங்கதான். இருக்கறது ரெண்டு ரூமு. அவரு வடலூர்ல லேடீஸ் ஹாஸ்டல்ல உனக்கு எடம் சொல்லி வெச்சிருக்காரு."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தாரு?"

அண்ணி கையிலிருந்த பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் விடவில்லை, திரும்பக் கேட்டேன்.

"சொல்றதா இல்ல. அவங்க வந்து நெரிசல் ஆனா நீயே ஹாஸ்டல்னு வாயத் தெறப்பேன்னாரு. நீயா கேட்டா அவரு சொன்ன சொல்லு அப்படியே இருக்குமாம்."

அட்டையைத் தூக்கி வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. போகச் சொன்னால் போயிருப்பேன், சண்டை போட்டுவிட்டாவது போயிருப்பேன். போகிறவளும் நானாக இருக்க வேண்டும், போகிறேன் என்று கேட்கிறவளும் நானாக இருக்க வேண்டும், அவன் மட்டும் நல்லவனாக இருக்க வேண்டும்.

உருட்டினேன். நாலு. அண்ணி இரண்டையும் உருட்டினாள். ஐந்தும் ஒன்றும். சயாமிலிருந்து ஒரு படையை நானே எடுத்தேன். மிச்சம் ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு யாரையும் அடிக்க முடியாது. என் முறை முடிந்தது.

அண்ணி புதுப் படைகளை எண்ணி இந்தியாவில் வைத்தாள். மூன்று பகடையையும் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே பஸ் வந்து நின்று கிளம்பியது.

"தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். "ஆனா எனக்கு இப்படி உக்காந்திருக்கப் பிடிக்கல. உன்னை அடிக்கப் போறேன். மூணுக்கு ஒண்ணு. மூணுல ரெண்டு தடவை நான்தான் ஜெயிப்பேன்."

"அடிங்க அண்ணி" என்றேன். "நீங்களாவது சொல்லிட்டு அடிக்கறீங்க."