மைக்செட் பேசியது போக மீதி

முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில் இருந்த அந்த அம்மாளை எல்லோரும் டைப்பிஸ்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தொட்டுப் பழகிய கடைசி டைப்ரைட்டர் எந்தக் காயலான் கடையில் எடைக்குப் போனதோ தெரியாது. முன்பு கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவர். அங்கே சாட்சி தும்மினால்கூடப் பதிவாகும். இங்கே வந்த பிறகுதான், மனிதர் வாய் திறந்து சொன்னதே பதிவாகாமல் போகலாம் என்று கற்றுக்கொண்டார்.

வேலையில் ஊமைகளுக்கெல்லாம் வக்கீல். வீட்டில் கதை வேறு. வாட்ச் ரிப்பேர் செய்யும் கணவர் ஒரு வாக்கியத்தை எழுவாயோடு தொடங்கினால், பயனிலையை இந்த அம்மாள்தான் போடுவார். பல வருடமாக அந்த வீட்டில் இப்படித்தான் கூட்டு முயற்சியில் பேச்சு நடந்து வந்தது.

இல்லத்தில் மாதம் ஒருமுறை குடியிருப்போர் கூட்டம் நடக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்வார்கள். நடுவில் ஒரு சின்ன ரெக்கார்டர். அதில் பதிவானதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கி, பேச்சாளர் ஒன்று, பேச்சாளர் இரண்டு என்று பிரித்து, கடைசியில் சுருக்கத்தையும் தானே தந்துவிடும். டைப்பிஸ்டம்மா அதிலிருந்து கூட்டக் குறிப்பு எழுதுவார். வெளியூரில் இருக்கும் நிர்வாகக் குழு யாரையும் நேரில் பார்ப்பதில்லை. குறிப்பைப் படித்துவிட்டு முடிவு சொல்லும், அவ்வளவுதான்.

இந்த மாதத்து விஷயம் மதியச் சாப்பாடு. கூடத்தில் சக்கர நாற்காலிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு டிராபிக் ஜாம் ஆகிறது. அதனால் இரண்டு பந்தியாக்கலாம் என்றார் மேனேஜர். கவனிப்புப் பிரிவில் இருப்பவர்கள் முதல் பந்தி, நடமாடக்கூடியவர்கள் இரண்டாம் பந்தி.

அதற்குமேல் அந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டவர் மைக்செட். முன்னாள் தொழிற்சங்கத் தலைவர். ஆலை வாசலில் மைக் இல்லாமலே ஷிப்டு முழுவதற்கும் கேட்கும்படி பேசியவர் என்பதால் வந்த பெயர். நல்ல மனிதர். யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை, பேச இடம் கொடுத்ததுமில்லை. "ரெண்டு பந்தி வேணும்! இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் வேணும்!" என்று ஆரம்பித்து, சாப்பாட்டுச் சூடு, டிவி சத்தம், வராத பேப்பர் என்று ஒரு சுற்று சுற்றி, மறுபடி பந்திக்கே வந்தார். அப்படி எத்தனை சுற்று என்பது ரெக்கார்டருக்கே வெளிச்சம்.

மறுநாள் மேனேஜர் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். வயதில் டைப்பிஸ்டம்மாவின் மகன் மாதிரி. "அதுவே அழகா சுருக்கிக் கொடுத்திருக்கேம்மா. அப்படியே அனுப்பிடலாமே? நீங்க ஏன் கண்ணைக் கெடுத்துக்கறீங்க?"

சுருக்கத்தில் முதல் வரி: "இரண்டு பந்தி முறையை அனைவரும் ஒருமனதாக வரவேற்றனர்."

"அனைவரும்னு யாரு சொன்னா?"

"மைக்செட் சார்தான்."

"அவர் ஒருத்தர்தானே தம்பி? நாளைக்கு வரைக்கும் டைம் கொடுங்க."

டைப்பிஸ்டம்மாவுக்கு என்று ஒரு முறை இருந்தது. எழுத்தை மேலிருந்து கீழாகப் படிக்க மாட்டார். அப்படிப் படித்தால் அதிகம் பேசியவர்தான் மனதில் நிற்பார். முதலில் வந்திருந்தவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் என்ன சொன்னார் என்று தனித்தனியாகத் தேடுவார். ஒருவருக்குக் கீழே காலியாக இருந்தால், அவர் பேசவே இல்லை, அல்லது பேச்சு விழுங்கப்பட்டது. எது என்று எழுத்து சொல்லாது. ஒலியைத்தான் கேட்க வேண்டும்.

சர்வேயருக்குக் கீழே காலியாக இருந்தது.

சர்வேயர் காலமெல்லாம் நிலம் அளந்தவர். பக்கவாதம் வந்து தேறியதிலிருந்து சொற்களையும் அளந்துதான் எடுப்பார்; ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. அந்த இடைவெளிகளில் மைக்செட் குடித்தனமே நடத்தலாம். சர்வேயரின் மனைவி கவனிப்புப் பிரிவில் இருக்கிறார். ஞாபகம் அநேகமாகப் போய்விட்டது. கூட்டத்தில் சர்வேயர் மூன்று தடவை கையைத் தூக்கியதை டைப்பிஸ்டம்மா பார்த்திருந்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடங்களைத் தேடினார். இரண்டு இடத்தில் எழுத்து "தெளிவில்லை" என்று கையை விரித்திருந்தது. மூன்றாவது இன்னும் மோசம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மெஷின் சத்தமானவரைப் பார்த்துச் சொற்களைக் கொடுத்துவிடுகிறது. சர்வேயரின் பாதி வாக்கியம் மைக்செட்டின் கணக்கில் ஏறியிருந்தது. வேகத்தைக் குறைத்து, ஓட்டி ஓட்டிக் கேட்டார். மைக்செட்டின் குரலுக்கு அடியில், கட்டிலுக்கடியில் உருண்டுபோன பொத்தான் மாதிரி, அந்தக் குரல் கிடந்தது.

"அவ... நான் எதிர்ல சாப்பிட்டாத்தான்..." இது முதலாவது. "நான் ஒரு பந்தி, அவ ஒரு பந்தின்னா..." இது இரண்டாவது. மூன்றாவதில் "இவரும் அதே பந்தியில..." என்பதுவரைதான் கேட்டது. மிச்சத்தை மைக்செட்டின் வராத பேப்பர் விழுங்கிவிட்டது.

கவனிப்புப் பிரிவு நர்ஸ் போன வாரம்தான் சொல்லியிருந்தாள்: அந்த அம்மா எடை குறைந்துகொண்டே வருகிறார், யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை, வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் போட்டால்தான் இவரும் ஒரு வாய். பந்தியைப் பிரித்தால் அந்த ஒரு வாயும் போய்விடும்.

டைப்பிஸ்டம்மா உடனே எழுதினார்: "சர்வேயர் இரண்டு பந்தி முறையைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு சிலரின் ஓயாத பேச்சால் தம் கருத்து நசுக்கப்படுவதாகவும் வருந்தினார்." படித்துப் பார்த்தார். கோர்ட்டில் ஜெயித்த மாதிரி இருந்தது.

மாலையில் காபி டம்ளரை வைத்தபடியே கணவரிடம் முழுக்கதையையும் கொட்டினார். மைக்செட்டை ஒரு பிடி பிடித்தார். கணவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்து, "அது சரி, அந்த சர்வேயர்..." என்றார்.

"பாவங்க அவரு, வாயில்லாத மனுஷன், அவருக்காக நான்தான்..."

சொல்லும்போதே ஏதோ இடித்தது. காலையிலிருந்து இடைவெளிகளையே கேட்டுப் பழகிய காதுக்கு, கணவர் விட்ட இடைவெளி பளிச்சென்று கேட்டது. "என்னமோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க" என்று உட்கார்ந்தார்.

கணவர் பயந்துபோனார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"சொல்லுங்கன்னா."

"ஒண்ணுமில்ல. கடுமையா எதிர்த்தார்னு எழுதினேங்கிறியே, அவர்கிட்ட காட்டினியா?"

காட்டவில்லை. அன்று காபி ஆறிப்போனது.

மறுநாள் காலை சர்வேயரின் அறைக்குப் போனார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லைக்கல்லைத் தேடுகிறவர் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இது... நான் இல்லையேம்மா."

டைப்பிஸ்டம்மாவுக்குச் சுருக்கென்றது. மைக்செட் சத்தத்தால் செய்ததைத் தான் இரக்கத்தால் செய்துவிட்டோம் என்று புரிந்தது. "தப்பு என் மேலதான். நீங்களே சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி."

சொன்னார். நேரமானது. இரண்டு பந்தி நல்லதுதான். எதிர்ப்பெல்லாம் கிடையாது. அவள் முதல் பந்தி என்றால் தன்னையும் முதல் பந்தியில் விட வேண்டும், அதுதான் கேட்டது.

"மூணாவது ஒண்ணு இருந்ததே. இவரும் அதே பந்தியிலன்னு. அதுக்கப்புறம் கேக்கலை. மைக்செட் சார் வேண்டாம்னா?"

சர்வேயரின் வாயில் சரியாக இயங்கும் பாதி சிரித்தது. "வேணும்னு... சொன்னேன்."

டைப்பிஸ்டம்மா பயனிலை போடாமல் காத்திருந்தார்.

"அவர் பேசினா... அவ சாப்பிடறா. ரேடியோ ஓடுதுன்னு... நினைச்சுக்கறா. சின்ன வயசுல... அவங்க வீட்ல சாப்பிடும்போது... ரேடியோ ஓடிட்டே இருக்குமாம்." சற்று நிறுத்தினார். "என் கிட்ட சத்தம் இல்லையேம்மா. நான்... எதிர்ல உக்காரலாம். ரேடியோவா ஆக முடியாது." பிறகு அவசரமாக, "அதை எழுத வேண்டாம். அவர் மனசு... சங்கடப்படும்."

"கூட்டத்துல சொன்னீங்க சார். அவர் பேச்சுல மூழ்கிப் போச்சு. இப்ப நானும் விட்டுட்டா, அதை யாருமே கேக்காத மாதிரி ஆயிடும். எப்படி எழுதினா அவருக்குச் சங்கடம் இல்லையோ அப்படி நீங்களே சொல்லுங்க."

இருவருமாக ஒரு வாக்கியத்தை அமைத்தார்கள். பழைய இரண்டு வரியையும் டைப்பிஸ்டம்மா அவர் கண்ணெதிரிலேயே கோடு போட்டு அடித்துவிட்டார்.

குறிப்பை ஆள்வாரியாக இல்லாமல் விஷயவாரியாக எழுதினார். ஒரு விஷயம் எத்தனை தடவை சொல்லப்பட்டாலும் ஒரு வரிதான். மைக்செட்டின் பேச்சு நாலு வரியில் அடங்கியது, ஒன்றும் விட்டுப்போகவில்லை. "அனைவரும் ஒருமனதாக" என்பது போய், யார் யார் ஆதரித்தார்கள் என்பது வந்தது. அதற்குக் கீழேயே சர்வேயரின் இரண்டு கோரிக்கைகள். "கூட்டத்தில் இதற்குப் பதில் சொல்லப்படவில்லை, முடிவு தேவை. ஒலிப்பதிவில் தெளிவில்லாத பகுதி பேசியவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது" என்றும் சேர்த்தார். மேனேஜர் படித்துவிட்டு, "சர்வேயர் சார் பேசினாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அனுப்புவதற்கு முன் வரைவைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பார்ப்பது வழக்கம். அன்று மதியமே மைக்செட் தாளோடு அலுவலக வாசலில் நின்றார்.

"என்னம்மா இது? நான் பேசினது வெறும் நாலு வரியா?"

"நாலு விஷயம் பேசினீங்க சார். நாலும் இருக்கா பாருங்க."

எண்ணிப் பார்த்தார். இருந்தது. ஆனாலும் போகவில்லை. அந்த ஆகிருதிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குரலில், "சர்வேயர் பேர்ல இந்த வரி... அவர் சொன்னதா, நீங்களா போட்டதா?" என்றார்.

தாளில் இருந்தது இதுதான்: "ஐயா பேசிக்கொண்டிருக்கும்போது என் மனைவி நன்றாகச் சாப்பிடுகிறாள். அவரும் எங்கள் பந்தியில் இருந்தால் உதவியாக இருக்கும்."

"அவர் சொன்னது சார். நீங்க பேசிட்டிருக்கும்போது சொன்னார்."

மைக்செட் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் அப்படிப் போனதை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

நிர்வாகக் குழு சம்மதம் சொல்லிவிட்டது. புதிய ஏற்பாட்டின் முதல் நாள், டைப்பிஸ்டம்மா ஏதோ பேப்பர் கொடுக்கிற சாக்கில் கூடத்துக் கதவருகே நின்றார். சர்வேயர் மனைவிக்கு எதிரே. பக்கத்து மேசையில் மைக்செட், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக, வாயை இறுக மூடிக்கொண்டு. எத்தனை பேர் பேச்சைத் தான் விழுங்கியிருக்கிறோம் என்ற கணக்கு அவரை வாட்டிக்கொண்டிருந்தது போலும். கூடத்தில் ஸ்பூன் சத்தம் மட்டும்தான். சர்வேயர் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினார். மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊட்ட வந்த நர்ஸின் கை ஸ்பூனோடு அந்தரத்தில் நின்றது.

சர்வேயர் திரும்பினார். வழக்கமான இடைவெளி எதுவும் விடாமல், கதவருகே நின்ற டைப்பிஸ்டம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பேசுங்க சார்!"

மைக்செட் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "இந்தப் பேப்பர்காரன் இருக்கானே..." என்று ஆரம்பித்தார். குரல் கூடத்தின் நாலு சுவரையும் தொட்டுத் திரும்பியது.

சர்வேயரின் மனைவி வாயைத் திறந்தார்.