பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை

மாவுக்காரர் தன் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. மாவுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, இரண்டுக்கும் ஏழரைக் குதிரைச் சக்தி மோட்டார். எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம். மனிதர் இருந்ததையெல்லாம் அதில்தான் கொட்டினார். மும்முனை மின்சாரத்துக்கு மனு எழுதிக் கொடுத்தது எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார். முதல் கோதுமை டின்னும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

அந்த வாத்தியார் நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். காற்றைப் பிரித்து ஆக்சிஜன் தரும் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. மறுநாள் மாவுக்காரர் மோட்டாரைப் போட்டதும் தெரு விளக்குகள் மங்கின. எதிர்வீட்டில் மின்சாரம் போதாமல் பெட்டி கூவியது. வாத்தியாரின் மனைவி ஓடிவந்தார்.

"தம்பி, நிறுத்துப்பா! அவருக்கு மூச்சு முட்டுது!"

மாவுக்காரர் பதறிப்போய் நிறுத்தினார். அப்புறம் சும்மா இருக்கவில்லை. மோட்டார் கிளம்பும்போது குறைவாக இழுக்கிற புது ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார். எதிர்வீட்டில் ஸ்டெபிலைசர் வைத்தார்கள். இருந்தும் மிளகாயைக் கொட்டியதும் மோட்டார் முக்கும், பெட்டி கூவும். தெருக்கோடி வரை வந்து இளைத்துப்போன மின்கம்பி அது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தனி வயர் இழுக்கலாம். ஆனால் அந்தச் செலவுக்கு இன்னொரு மிஷினே வாங்கிவிடலாம்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. தினமும் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வாத்தியார் ஆக்சிஜன் சிலிண்டரில் மூச்சு விடுவார்; அதற்கு மேல் சிலிண்டர் வாங்க அவர்களுக்குக் கட்டாது. அந்த ஒரு மணி நேரம் மிஷின் ஓடும்.

ஆனால் மாவு அரைப்பவர்கள் பதினொரு மணிக்கா வருவார்கள்? வேலை விட்டு வருகிற வழியில் டின்னை வைத்து, சூடு ஆறுவதற்குள் வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு மெயின் ரோட்டுக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். மணிக்கு ஆறு யூனிட் இழுத்த மீட்டர் தூங்கிவழிந்தது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது.

"எத்தனை நாளைக்குங்க இப்படி?" என்றாள் மாவுக்காரர் மனைவி.

"அதை நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

கேட்கக் கூடாத கேள்விதான். ஆனாலும் தினமும் காலையில் எழுந்ததும் அவர் கண் எதிர் ஜன்னலுக்குத்தான் போகும். எதற்கு என்று தன்னிடமே அவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒருநாள் பதினொரு மணிக்கு வாத்தியாரின் மனைவி இரண்டு கிலோ கோதுமையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டர் நல்ல சேதி சொன்னாரு தம்பி. இப்படியே பெட்டிய வச்சுப் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் இருப்பாராம். எல்லாம் உன் புண்ணியம்தான்."

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றார் மாவுக்காரர். கோதுமையை வாங்கி வைக்கும்போது பத்து வருஷத்து நிலைக்கட்டணத்தை மனசு கணக்குப் போட்டது. எதிர் ஜன்னலில் குழாயோடு உட்கார்ந்திருந்த வாத்தியார் அவரைப் பார்த்துக் கையசைத்தார். பதிலுக்குத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. திரும்பிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்.