மாடிக் கம்பியும் பேரனின் பந்தும்

கோவில்பத்தில் நாங்கள் கட்டிய டூப்ளெக்ஸ் வீட்டில் படி ஏறியதும் ஹாலைப் பார்த்தபடி ஒரு திறந்த தளம் உண்டு. இன்ஜினியர் அதை லாஃப்ட் என்றார். எனக்கு லாஃப்ட் என்றால் பழைய பாத்திரம் போடும் இடம். என் கணவருக்கோ அதுதான் வீட்டின் பெருமை. ஹால் மறையக்கூடாது என்று கைப்பிடியை இடுப்பளவுக்கு மேல் உயர்த்த விடவில்லை. நேர்க்கம்பி ஜெயில் மாதிரி இருக்குமாம். அதனால் படுக்கைவாட்டில் ஸ்டீல் பைப்புகள்.

மகள் வெளிநாட்டிலிருந்து ஒன்றரை வயதுப் பேரனோடு முதல் முறையாக வந்தாள். வந்த அன்றே அவன் இரண்டாவது பைப்பில் கால் வைத்து ஏறி, கைப்பிடிக்கு மேலே தலையை நீட்டிவிட்டான். மகள் பாய்ந்து இழுத்த இழுப்பில் கம்பியே ஆடியது.

"அம்மா, இங்க இவன விட்டுட்டு குளிக்கக்கூட போக முடியாது."

"நாங்க புள்ள வளக்கலையா?" என்று எகிறினார் இவர்.

"நீங்க வளத்த வீட்ல மாடியே இல்லப்பா."

சாயங்காலமே பெட்டிகள் தருமபுரத்துக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டன. அது தரையோடு இருக்கிற வீடு. பேரனுக்கு ஏணி செய்து வைத்த ஒரே தாத்தா நீங்கதான் என்று நான் இவரிடம் சொன்னேன். அவர் ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் வெல்டிங்காரரை அவரே கூப்பிட்டார். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், அது கிரானைட்டையும் அடியில் இருந்த சிமெண்ட் பூச்சையும்தான் பிடித்திருந்தது. கான்கிரீட்டைத் தொடவே இல்லை.

"இத நம்பி யாரும் சாஞ்சிருந்தா அவ்வளவுதாங்க," என்றார் வெல்டிங்காரர்.

இந்த முறை லாஃப்டில் கிரானைட்டின் மேலிருந்து மூன்றரை அடி உயரக் கைப்பிடி; படியில், ஒவ்வொரு படியின் விளிம்பிலிருந்தும் மூன்றடி. எல்லாம் நேர்க்கம்பி, இடைவெளி நாலு அங்குலத்துக்குள். போல்ட்டுகள் கான்கிரீட்டுக்குள் ஆழமாக இறங்கின. ஆனால் கம்பி வர ஒரு வாரம், ஆள் வர ஒரு வாரம். வேலை முடிவதற்குள் மகளின் லீவு முடிந்துவிட்டது. பேரன் எங்கள் வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் விட்டுப்போன நாலு அங்குலப் பந்தை எடுத்துக்கொண்டு இவர் ஒவ்வொரு இடைவெளியிலும் தள்ளிப் பார்த்தார். எதிலும் நுழையவில்லை. அன்று வீடியோ காலில் மகளிடம் கம்பியை உலுக்கிக் காட்டினார்.

"பாரும்மா, அசையவே இல்ல."

"சரிப்பா, நல்லா இருக்கு."

பிறகு பந்தை உருட்டினார். அது கம்பியில் மோதித் திரும்பி வந்தது. திரையில் பேரன் சிரித்துக்கொண்டே பந்தைப் பிடிக்கக் கை நீட்டினான். அவன் விரல் பட்டு அங்கே போன் கட்டாகிவிட்டது. இவர் போனை வைத்துவிட்டு இன்னொரு முறை பந்தை உருட்டினார்.