அட்டைக் கடிதத்தில் இருந்த பழைய பெயர்

வயற்கிணறுகளின் உவர் பற்றி நாங்கள் இருவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையை, முதலில் அனுப்பிய ஆய்விதழ் ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு, தங்கள் எல்லைக்குள் வராதென்று திருப்பி அனுப்பியது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வேறு இதழைத் தேர்ந்தேன். அங்கே எல்லாமே வேறு. சுருக்கம் முந்நூறு சொல்லில் அல்ல, இருநூறில். மேற்கோள்கள் ஆசிரியர் பெயரில் அல்ல, எண்ணில். அட்டவணைகள் கடைசியில். கட்டுரைக்குள் எங்கள் பெயர்கள் இருக்கக் கூடாது. கல்முனைக்குடி வீட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரங்களிலெல்லாம் மூன்று வாரம் இதைத்தான் செய்தேன். இறுதியாக, கட்டுரையோடு இதழாசிரியருக்கு அனுப்பும் அட்டைக் கடிதம். பழையதைத் திறந்து, மேலே இதழின் பெயரை மாற்றி, பதிவேற்றிவிட்டேன்.

அடுத்த நாள் காலை திரும்பி வந்தது. 'உங்கள் கடிதத்தின் இரண்டாம் பந்தி வேறொரு இதழைக் குறிப்பிடுகிறது. திருத்தி அனுப்பவும்.'

வெட்கத்தில் காது சுட்டது. ஏழு வருடமாக மாணவர்களுக்கு ஆய்வு முறை கற்பிக்கிறேன்!

இம்முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: 'இந்த வடிவத்தை எல்லா ஆசிரியர்களும் வாசித்து ஒப்புக்கொண்டுள்ளனர்.' வாசிப்பதை நிறுத்தினேன். சம்மாந்துறையில் விவசாயப் போதனாசிரியராக இருக்கும், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுபவர்தான் கட்டுரையின் மற்ற ஆசிரியர். வெயிலில் நின்று கிணறு கிணறாகத் தண்ணீர் அள்ளியவர். புது வடிவத்தை அவருக்கு நான் காட்டவே இல்லை.

மறுநாள் அச்செடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அலுவலகத்தில் சுருக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மிஸ் இது? பெரும்போகத்தில உவர் கூடவாம்? மாரி மழை பெய்யக்குள்ள எப்பிடி?"

"அப்படி எழுதல்லையே, காக்கா."

"எழுதிரிக்கி. இஞ்ச பாருங்க."

பார்த்தேன். நூறு சொல்லை வெட்டும்போது, மழை குறைந்த 'சிறுபோகத்தில்' என்று தொடங்கிய வாக்கியத்தின் முன்பாதி போய்விட்டது. அதன் பின்பாதி மட்டும் பெரும்போகத்தைப் பற்றிய முந்திய வாக்கியத்தோடு ஒட்டி நின்றது. முழுக் கட்டுரையும் சொன்னதற்கு நேர்மாறு.

"அல்லாஹ்வே! இது இப்படியே போயிருந்தா?"

"போகல்லையே. நேத்துத் திருப்பி அனுப்பினது நல்லதாப் போச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு சொல்லைச் சேர்க்க, வேறு நான்கு சொல்லை எங்கே வெட்டுவதென்று ஒரு மணி நேரம் இருவரும் மல்லுக்கட்டினோம். மிச்சப் பக்கங்களையும் அவர் பேனையோடு வாசித்து முடித்த பிறகுதான் என்னை விட்டார்.

அன்று மாலை புதிதாக எழுதிய கடிதத்தோடு அனுப்பினேன். எல்லா ஆசிரியர்களும் வாசித்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் அந்த வாக்கியம் இம்முறை உண்மையாக இருந்தது. இரண்டு நாளில் பதில்: படங்களின் கோப்பு வகை சரியில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் மாற்றினேன். இப்போது மதிப்பாய்வாளர்களிடம் போயிருக்கிறது.